விலை யாருக்குச் சொந்தம்? வினாத்தாள் படமொன்றில் இயல்பாக்கமும் ஈ.ஆர். வரிப்படமும்

சென்ற கிழமை இரவு, கிண்ணியாவிலிருந்து உயர்தர மாணவி ஒருத்தி தன் தரவுத்தளப் பயிற்சி வினாத்தாளைக் கைபேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். மேசை விளக்கின் வெளிச்சம் தாளின் நடுவில் வெள்ளையாகப் படிந்திருந்தது. தாளை இரண்டாக மடித்த கோடு வரிப்படத்தின் குறுக்கே ஓடியது. கீழே அட்டவணையின் கடைசி வரியை அவளுடைய பெருவிரல் மறைத்திருந்தது. கூடவே ஒரு கேள்வி: "சேர், நான் மூன்றாம் வடிவம் வரைக்கும் பிரித்துவிட்டேன். விடைத்தாளில் விலை வேறு அட்டவணையில் இருக்கிறது. ஏன்?"

அவளுடைய விடையைப் பார்த்தேன். பிரித்த விதம் அழகாக இருந்தது, ஒரு நிரலைத் தவிர. அந்த ஒரு நிரல் தவறியதற்கான காரணத்தைச் சொல்லப் போனால் இயல்பாக்கம் முழுவதையும் சொல்லவேண்டி வரும். பலரும் இயல்பாக்கத்தை, பெரிய அட்டவணையைச் சின்னச் சின்னதாக வெட்டும் வேலை என்றும், திரும்பத் திரும்ப வருவதை நீக்கும் வேலை என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டும் விளைவுகள் மட்டுமே. எங்கே வெட்டுவது என்பதை அவை சொல்வதில்லை. அதனால்தான் பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

## வினா இதுதான்

திருகோணமலைக் கடற்கரையில் மீனைக் கூறி, அதாவது ஏலம் விட்டு, விற்கும் தரகர் ஒருவரின் கணக்கு. படகு கரைக்கு வந்ததும் ஒரு பற்றுச்சீட்டு எழுதப்படும். அதில் அந்தப் படகு கொண்டுவந்த மீன் வகைகள், எடை, கிலோ விலை எல்லாம் இருக்கும். வினாத்தாளில் தரப்பட்ட அட்டவணை இப்படி (பெயர்களும் விலைகளும் வினாவுக்காகப் போடப்பட்டவை):

| பற்றுச்சீட்டு எண் | திகதி | படகு எண் | சம்மாட்டி எண் | சம்மாட்டி பெயர் | ஊர் | மீன் குறி | மீன் பெயர் | எடை (கிலோ) | கிலோ விலை |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| 101 | 4 மார்ச் | ப12 | ச3 | நடராசா | திருக்கடலூர் | மீ1 | பாரை | 18 | 1400 |
| | | | | | | மீ2 | சூரை | 40 | 900 |
| 102 | 4 மார்ச் | ப07 | ச5 | ஹனீபா | கிண்ணியா | மீ2 | சூரை | 25 | 900 |
| 103 | 4 மார்ச் | ப15 | ச3 | நடராசா | திருக்கடலூர் | மீ1 | பாரை | 10 | 1450 |

அட்டவணைக்கு மேலே நான்கு வாக்கியங்கள் இருந்தன. ஒரு படகுக்கு ஒரே ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர்; ஒரு சம்மாட்டிக்குப் பல படகுகள் இருக்கலாம். ஒரு பற்றுச்சீட்டு ஒரு படகுக்கு மட்டும் உரியது. ஒரு பற்றுச்சீட்டில் ஒரு மீன் வகை ஒருமுறைதான் எழுதப்படும். ஒவ்வொரு படகின் மீனும் தனித்தனியே கூறி விற்கப்படும்.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள ஒரு கேள்வி

உங்கள் அடையாள அட்டை எண்ணைச் சொன்னால் உங்கள் பெயர் ஒன்றே ஒன்றாகத் தெரிந்துவிடும். பெயரை மட்டும் சொன்னால் எண் தெரியாது. அதே பெயரில் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒன்று தெரிந்தால் இன்னொன்று ஐயமில்லாமல் ஒரே மதிப்பாகத் தெரியவரும் இந்த உறவுக்குச் சார்பு என்று பெயர். பெயர் அடையாள அட்டை எண்ணைச் சார்ந்திருக்கிறது. எண் பெயரைச் சார்ந்திருக்கவில்லை. சார்பு ஒருவழிப் பாதை.

சில வேளைகளில் ஒரு தகவல் போதாது. பஸ் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிய இடம் மட்டும் தெரிந்தால் கட்டணம் தெரியாது, இறங்கிய இடம் மட்டும் தெரிந்தாலும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் நடத்துநர் டிக்கெட் கிழிப்பார். கட்டணம் அந்த இணையைச் சார்ந்தது.

ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நிரலை முதன்மைச் சாவி என்கிறோம். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் தேவைப்பட்டால் அது கூட்டுச் சாவி. ஓர் அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டிக்காட்டுவதற்காக இன்னோர் அட்டவணையில் வைக்கப்படும் நிரல் அந்நியச் சாவி.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு நிரலையும் பார்த்து, 'உன்னை ஒரே மதிப்பாகத் தீர்மானிப்பது எது?' என்று கேட்கவேண்டும். இயல்பாக்கத்தின் மூன்று படிகளில் முதலாவது இந்தக் கேள்வியைக் கேட்பதற்கான ஆயத்தம்; மற்ற இரண்டும் இதே கேள்வியின் இரண்டு வகைகளே. 1970இல் தொடர்புத் தரவுத்தளக் கோட்பாட்டை முன்வைத்த எட்கர் கோட், அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் வடிவங்களை வரையறுத்தபோதும் சார்பையே அடிப்படையாகக் கொண்டார்.

## முதலாம் வடிவம்: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு

படத்திலுள்ள அட்டவணையில் 101ஆம் பற்றுச்சீட்டுக்கு இரண்டு மீன்கள் இருக்கின்றன. இரண்டாவது வரியின் இடப்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. மனிதக் கண் மேலே பார்த்து அதை நிரப்பிக்கொள்ளும். தரவுத்தளத்துக்கு 'மேலே' என்று ஒன்று கிடையாது. வரிகளின் ஒழுங்கை மாற்றினால் அந்தச் சூரை எந்தப் படகில் வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஆகவே வெறுமையான கட்டங்களை நிரப்புகிறோம். இரண்டாவது வரியிலும் 101, 4 மார்ச், ப12, ச3, நடராசா, திருக்கடலூர் என்று எழுதுகிறோம். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரேயொரு மதிப்பு, ஒவ்வொரு வரியும் தன்காலில் நிற்கிறது. இதுதான் முதலாம் இயல்பு வடிவம்.

இந்தப் படியில் பிள்ளைகள் திகைப்பது எனக்குத் தெரியும். திரும்ப வருவதைக் குறைக்கத்தானே வந்தோம், ஏன் கூட்டுகிறோம்? முதலில் வரிகளை நேராக்கினால்தான் சார்புகளைச் சரியாகப் பார்க்க முடியும் என்பதே காரணம். இந்தக் கூடுதல் அடுத்த படிகளில் கரைந்துவிடும்.

சாவியையும் இங்கேயே முடிவு செய்யவேண்டும். பற்றுச்சீட்டு எண் மட்டும் போதாது, 101 இரண்டு வரிகளில் வருகிறது. மீன் குறி மட்டும் போதாது, மீ2 இரண்டு வரிகளில் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வரியைத்தான் காட்டும். இந்தக் கூட்டுச் சாவி செல்லுபடியாவதற்குக் காரணம் மூன்றாவது வாக்கியம்: ஒரு பற்றுச்சீட்டில் ஒரு மீன் வகை ஒருமுறைதான். பெரிய பாரை ஒரு விலை, சின்னப் பாரை ஒரு விலை என்று ஒரே சீட்டில் இரண்டு வரி எழுதலாம் என்றால் இந்தச் சாவி உடைந்துவிடும். வரி எண் என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கவேண்டி வரும்.

## இரண்டாம் வடிவம்: முழுச் சாவியையும் சார்ந்திருக்கிறதா?

இப்போது சாவி இரண்டு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு நிரலிடமும் கேட்கிறோம்: உன்னைத் தீர்மானிக்க இரண்டு துண்டும் தேவையா, ஒன்று போதுமா?

திகதிக்குப் பற்றுச்சீட்டு எண் போதும். படகு எண்ணுக்கும் அதுவே போதும். அதன் வழியாகச் சம்மாட்டி எண், பெயர், ஊர் ஆகியவற்றுக்கும் போதும். மீன் பெயருக்கு மீன் குறி போதும். சாவியின் ஒரு துண்டை மட்டும் சார்ந்து நிற்கும் இந்த நிலைக்குப் பகுதிச் சார்பு என்று பெயர். இப்படிப்பட்ட நிரல்களை, அவை சார்ந்திருக்கும் துண்டோடு சேர்த்து வெளியே எடுப்பதுதான் இரண்டாம் இயல்பு வடிவம். சாவி ஒற்றை நிரலாக இருக்கும் அட்டவணையில் பகுதிச் சார்புக்கு இடமே இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எடை? ஒரு குறிப்பிட்ட சீட்டில் ஒரு குறிப்பிட்ட மீனின் எடை அது. இரண்டும் தேவை. எடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

விலை? மாணவி தவறியது இங்கேதான்.

## பெருவிரலுக்கு அடியிலிருந்த வரி

அவள் தாளைத் திரும்பப் பார்க்காமல், தான் எடுத்த படத்தை வைத்தே பிரித்திருந்தாள். அதில் தெரிந்தவை மூன்று வரிகள். அவற்றில் சூரை இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் 900. பாரை ஒருமுறை, 1400. ஆகவே மீன் குறி தெரிந்தால் விலை தெரியும் என்று முடிவு செய்து, விலையை மீன் அட்டவணைக்குக் கொண்டுபோய்விட்டாள். கண்ணில் பட்ட வரிகளை வைத்துப் பார்த்தால் அவள் நினைத்ததில் முரண்பாடே இல்லை.

தாளை நேரே பார்த்து அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன். 103, ப15, பாரை, 10 கிலோ, 1450. அதே நாள், அதே மீன், வேறு விலை. மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படியென்றால் என் மீன் அட்டவணையில் பாரைக்கு எந்த விலையைப் போடுவது, சேர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்க்கச் சொன்னேன். மீன் அட்டவணையில் பாரைக்கு ஒரு வரிதான் இருக்கமுடியும். அதில் 1400 என்று எழுதினால் 103ஆம் சீட்டின் தொகை 10 × 1400, அதாவது 14,000 ரூபாய் என்று வரும். உண்மையில் அது 14,500. அந்தச் சம்மாட்டிக்கு 500 ரூபாய் காணாமல் போகிறது. சரி, 1450 என்று மாற்றுவோம் என்றால், 101ஆம் சீட்டின் 18 கிலோ பாரை 25,200இலிருந்து 26,100க்கு ஏறிவிடுகிறது. தரகர் கொடுக்காத 900 ரூபாய் கணக்கில் முளைக்கிறது. எதை எழுதினாலும் ஒரு சீட்டு பொய்யாகிறது. பிழையான இடத்தில் வெட்டினால் தகவல் அழியும் என்று சொல்வது இதைத்தான்.

மாதிரி வரிகளைப் பற்றி இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு சார்பு *இல்லை* என்று காட்ட ஒரே ஒரு வரி போதும். ஒரு சார்பு *இருக்கிறது* என்று காட்ட ஆயிரம் வரிகளும் போதா. ஆயிரத்தோராவது வரி அதைக் கவிழ்த்துவிடலாம். சார்பு இருக்கிறது என்று சொல்லும் உரிமை வினாவிலுள்ள வாக்கியங்களுக்கு மட்டுமே உண்டு. 'ஒவ்வொரு படகின் மீனும் தனித்தனியே கூறி விற்கப்படும்' என்ற நான்காவது வாக்கியம் விலையைச் சீட்டுக்கும் மீனுக்கும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது. கடைசி வரி படத்தில் இல்லாமலே போயிருந்தாலும் அந்த வாக்கியம் போதுமானது.

வாக்கியம் சற்று வேறாக இருந்திருந்தால் விடையும் வேறாகியிருக்கும். 'ஒரு மீன் வகைக்கு ஒரு நாளில் ஒரே விலை' என்று எழுதியிருந்தால், விலை திகதியையும் மீன் குறியையும் சார்ந்திருக்கும். அந்த மூன்றுக்கும் தனி அட்டவணை ஒன்று தேவைப்பட்டிருக்கும். அட்டவணையில் ஓர் எண்ணும் மாறவேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள்: அந்த விதியின்கீழ் 1400உம் 1450உம் ஒரே நாளில் வரவே முடியாது.

இரண்டாம் படி முடிந்ததும் நம்மிடம் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. சீட்டு அளவில் உள்ளவை ஒன்றில், மீன் குறியும் பெயரும் இன்னொன்றில், இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும் எடையும் விலையும் மூன்றாவதில்.

## மூன்றாம் வடிவம்: நேரே சார்ந்திருக்கிறதா, ஆள்மூலமா?

இனிப் பற்றுச்சீட்டு அட்டவணையைப் பாருங்கள். அதன் சாவி பற்றுச்சீட்டு எண் மட்டுமே. சம்மாட்டியின் ஊரும் அதில் இருக்கிறது. 101 என்றால் திருக்கடலூர் என்று தெரிகிறதுதான். ஆனால் எப்படித் தெரிகிறது? 101 ப12ஐக் காட்டுகிறது, ப12 ச3ஐக் காட்டுகிறது, ச3 திருக்கடலூரைக் காட்டுகிறது. அயல்வீட்டுக்காரர் வழியாக வந்த செய்தியைப் போல, நேரே வரவில்லை. சாவியல்லாத இன்னொரு நிரலின் வழியாக வரும் இந்தச் சார்புக்குக் கடப்புச் சார்பு என்று பெயர். அதை நீக்குவதே மூன்றாம் இயல்பு வடிவம்.

நீக்காவிட்டால் என்ன நடக்கும்? நடராசா நிலாவெளிக்கு வீடு மாறினால் அவருடைய ஒவ்வொரு சீட்டிலும் ஊரைத் திருத்தவேண்டும்; ஒன்றைத் தவறவிட்டாலும் ஒரே ஆளுக்கு இரண்டு ஊர். 102ஆம் சீட்டைப் பிழையென்று அழித்தால், ஹனீபா என்ற ஒருவர் இருந்ததே கணக்கிலிருந்து மறைந்துவிடும். இன்னும் கடலுக்குப் போகாத புதுச் சம்மாட்டியைப் பதிவு செய்யவோ வழியே இல்லை, அவருக்குச் சீட்டு இல்லையே.

இங்கே ஒரு பொதுவான பிழை உண்டு. மேலே உள்ள சங்கிலியில் இரண்டு இடைப்படிகள் இருக்கின்றன: படகு, சம்மாட்டி. பலர் படகு எண்ணோடு ஒருமுறை வெட்டிவிட்டு, படகு அட்டவணையில் சம்மாட்டி எண், பெயர், ஊர் மூன்றையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். நடராசாவுக்குப் ப12, ப15 என்று இரண்டு படகுகள். அவருடைய ஊர் மறுபடியும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒவ்வொரு புது அட்டவணையிடமும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டும். கேட்டால் கிடைப்பது:

```
சம்மாட்டி   (சம்மாட்டி_எண், பெயர், ஊர்)
படகு        (படகு_எண், சம்மாட்டி_எண்*)
பற்றுச்சீட்டு (சீட்டு_எண், திகதி, படகு_எண்*)
மீன்         (மீன்_குறி, மீன்_பெயர்)
சீட்டு_வரி   (சீட்டு_எண்*, மீன்_குறி*, எடை, விலை)
```

உடுக்குறி போட்டவை அந்நியச் சாவிகள். முதல் நான்கு அட்டவணைகளில் முதல் நிரல் சாவி. கடைசி அட்டவணையில் முதல் இரண்டும் சேர்ந்து சாவி. இவற்றை அந்நியச் சாவிகள் வழியே மறுபடி இணைத்தால் தொடக்கத்திலிருந்த அதே நான்கு வரிகள், கூடாமலும் குறையாமலும் வரவேண்டும். பரீட்சையில் ஒரு வரியையாவது அப்படி இணைத்துப் பாருங்கள். சீட்டு_வரியில் 103, மீ1, 10, 1450. மீனில் மீ1க்குப் பாரை. பற்றுச்சீட்டில் 103க்கு 4 மார்ச், ப15. படகில் ப15க்கு ச3. சம்மாட்டியில் ச3க்கு நடராசா, திருக்கடலூர். சரியாக வந்துவிட்டது.

## வரிப்படத்தை வாசிப்பது

வினாவின் இரண்டாம் பகுதி அதே கணக்குக்கான நிலைபொருள்-தொடர்பு வரிப்படம், சுருக்கமாக ஈ.ஆர். வரிப்படம். பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட முறையைத் தழுவி வரையப்பட்டது. தகவல் சேமிக்கப்படும் பொருளை, அதாவது படகு, மீன் போன்றவற்றை, நிலைபொருள் என்கிறோம், அதற்குச் செவ்வகம். அந்தப் பொருளைப் பற்றிய ஒரு விவரம் பண்பு, அதற்கு நீள்வட்டம். இரண்டு நிலைபொருள்களை இணைப்பது தொடர்பு, அதற்குச் சாய்சதுரம். சாவியாகும் பண்பின் கீழே கோடு.

இவ்வளவையும் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். தடுக்கி விழுவது கோடுகளில்.

மாணவியின் வரிப்படத்தில் சம்மாட்டிக்கும் படகுக்கும் இடையே 'உடைமை' என்ற சாய்சதுரம். சம்மாட்டியின் அருகே 1, படகின் அருகே N. சம்மாட்டியிலிருந்து தொடங்கினால் மறுமுனையிலுள்ள எண்ணை வாசிக்கவேண்டும்: ஒரு சம்மாட்டிக்கு N படகுகள். படகிலிருந்து தொடங்கினால் ஒரு படகுக்கு 1 சம்மாட்டி. அருகிலுள்ள எண்ணையே வாசிப்பவர்களுக்கு விடை தலைகீழாகிவிடும்.

இரட்டைக் கோடு இதற்கு நேர்மாறானது. ஒரு நிலைபொருளிலிருந்து சாய்சதுரத்துக்குப் போகும் கோடு இரட்டையாக இருந்தால், அந்த *அருகிலுள்ள* நிலைபொருள் ஒவ்வொன்றும் கட்டாயம் அந்தத் தொடர்பில் இருக்கவேண்டும் என்று பொருள். பற்றுச்சீட்டின் பக்கம் இரட்டைக் கோடு என்றால், படகில்லாத சீட்டு இருக்கமுடியாது. படகின் பக்கம் ஒற்றைக் கோடு என்றால், ஒரு சீட்டும் இல்லாத படகு இருக்கலாம். எண்ணைத் தூரமுனையில் வாசி, இரட்டைக் கோட்டைக் கிட்டமுனையில் வாசி: இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை. கோட்டின் முனை காகத்தின் கால்போல மூன்றாகப் பிரியும் இன்னொரு குறியீட்டு முறையில் இரண்டையுமே தூரமுனையில்தான் வாசிப்பார்கள். ஆகவே எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## படம் எதை மறைக்கும்?

கைபேசிப் படம் செவ்வகத்தை மறைக்காது. மெல்லிய கோடுகளைத்தான் மறைக்கும். இரட்டைக் கோடு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சாவியின் அடிக்கோடு வெளிச்சத்தில் வெளுத்துவிடும். தாளின் மடிப்பு, இல்லாத கோடொன்றைப் போட்டுவிடும் அல்லது இருக்கும் கோட்டை விழுங்கிவிடும்.

அவளுடைய படத்தில் மடிப்பு சரியாக 'அடங்கும்' என்ற சாய்சதுரத்தை ஒட்டி ஓடியது. பற்றுச்சீட்டுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள தொடர்பு அது. ஒரு பக்கம் M, மறுபக்கம் N. அதாவது ஒரு சீட்டில் பல மீன் வகைகள், ஒரு மீன் வகை பல சீட்டுகளில். 'எடை', 'விலை' என்ற இரண்டு நீள்வட்டங்கள் மடிப்புக்கு அந்தப் பக்கம், மீன் செவ்வகத்துக்கு மேலே இருந்தன. படத்தைப் பார்த்தால் இரண்டும் மீனின் பண்புகள் என்றே யாரும் சொல்வார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நீள்வட்டங்களிலிருந்து கிளம்பிய கோடுகள் மீன் செவ்வகத்தைத் தொடவில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து, மடிப்புக்குள் போய் மறைந்தன. அவை போய்ச் சேருமிடம் சாய்சதுரம்.

தொடர்புக்கும் பண்பு இருக்கலாம். எடையும் விலையும் மீனுக்கும் சொந்தமில்லை, சீட்டுக்கும் சொந்தமில்லை; இந்தச் சீட்டில் இந்த மீன் என்ற இணைப்புக்குச் சொந்தம். பெருவிரல் அட்டவணையில் செய்ததையே மடிப்பு வரிப்படத்தில் செய்திருந்தது, அதுவும் அதே விலைக்கு.

கோடு தெரியாத இடத்தில் ஊகித்து வரையாதீர்கள். 'உன்னைத் தீர்மானிப்பது எது?' என்று நீள்வட்டத்திடம் கேளுங்கள். ஒரு நிலைபொருளின் சாவி போதுமென்றால் அது அந்தச் செவ்வகத்தின் பண்பு. இரண்டு சாவிகளும் தேவையென்றால் அது சாய்சதுரத்தின் பண்பு. 1, N, M எழுத்துகள் மங்கியிருந்தால் வினா வாக்கியத்தை இரு திசையிலும் சொல்லிப் பார்த்தால் போதும். இரட்டைக் கோட்டுக்கு 'கட்டாயம்', 'இருக்கலாம்' போன்ற சொற்கள் துணை. அப்படி ஒரு சொல்லும் இல்லையென்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் அசல் தாளைத்தான் பார்க்கவேண்டும், வேறு வழியில்லை.

## இரண்டு பாதையும் ஓரிடத்தில்

வரிப்படத்திலிருந்து அட்டவணைக்குப் போவது எளிது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஓர் அட்டவணை. 1-N தொடர்புக்குப் புது அட்டவணை வேண்டாம். N பக்கத்து அட்டவணையில் 1 பக்கத்தின் சாவியை அந்நியச் சாவியாக வைத்தால் போதும். ஆகவே படகில் சம்மாட்டி எண் வருகிறது, சம்மாட்டியில் படகு எண் வருவதில்லை. M-N தொடர்புக்குத் தனி அட்டவணை தேவை; இரு பக்கச் சாவிகளும் சேர்ந்து அதன் சாவியாகும், சாய்சதுரத்தின் பண்புகள் அதற்குள் போகும்.

அப்படிச் செய்தால் சம்மாட்டி, படகு, பற்றுச்சீட்டு, மீன் என்ற நான்கும், 'அடங்கும்' என்பதற்கு ஐந்தாவதும் கிடைக்கின்றன. மேலே இயல்பாக்கிப் பெற்ற அதே ஐந்து. ஒரே கணக்கை அட்டவணையாகவும் வரிப்படமாகவும் தரும் வினாவில் இது பெரிய துணை. இரண்டு வழியிலும் வந்த விடைகள் பொருந்தாவிட்டால் ஒன்றில் பிழை இருக்கிறது; பொருந்தாத நிரலே பிழை எங்கே என்று காட்டிவிடும்.

மறுநாள் காலை, முற்றத்து வெளிச்சத்தில், தாளை நேராக விரித்துவைத்து மேலிருந்து எடுத்த புதுப் படம் வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அழுத்தப்பட்டு மெல்லிய கோடுகள் மேலும் கரையும் என்று சொல்லியிருந்ததால், கோப்பாக இணைத்து அனுப்பியிருந்தாள். எடையின் கோடும் விலையின் கோடும் சாய்சதுரத்தில் போய் முட்டியிருந்தன. கூடவே, முதல் படத்தில் நான் கவனிக்காத ஒன்றும் தெரிந்தது. அட்டவணையில் இல்லாத பண்பொன்று, 'தொலைபேசி', சம்மாட்டியின் செவ்வகத்தோடு இணைந்திருந்தது. அதன் நீள்வட்டம் இரட்டைக் கோட்டால் ஆனது. ஒருவருக்குப் பல மதிப்புகள் இருக்கலாம் என்பதற்கான குறி அது.

"அப்படியென்றால் சம்மாட்டி அட்டவணையில் அதைப் போடமுடியாது, சேர். ஒரு கட்டத்தில் இரண்டு எண் வந்துவிடும்," என்று அவளே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஆறாவது அட்டவணையும் இருந்தது:

```
சம்மாட்டி_தொலைபேசி (சம்மாட்டி_எண்*, தொலைபேசி)
```

"சாவி எது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"இரண்டும் சேர்ந்து."